பன்றி ஏன் பிடிபட்டது? பதுங்கல் கேமுக்குக் காவல்காரரை அமைப்பது

முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. காலபோகத்தில் கதிர் பால் பிடிக்கத் தொடங்கினால் இரவுக் காவலும் தொடங்கிவிடும். பரணில் அப்பாவோடு நானும் படுத்திருப்பேன். பயிருக்குள் ஏதாவது சரசரத்தால் அப்பா பேச்சை நிறுத்துவார், பீடியை அணைப்பார், டோர்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டிலேயே காத்திருப்பார். பன்றி நடு வயலுக்கு வந்த பிறகுதான் வெளிச்சம் பாயும். அதுவரை தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்பதே பன்றிக்குத் தெரியாது. நல்ல காவல் என்றால் அதுதான்.

அதே மனிதரை அப்படியே கேமுக்குள் வைத்தேன். கேம் கெட்டது.

கேம் எளியதுதான். மேலிருந்து பார்க்கும் 2டி. விளையாடுகிறவர் பன்றி. காட்டு ஓரத்திலிருந்து வந்து, வரம்புகளைத் தாண்டி, கதிரைத் தின்றுவிட்டு விடியும் முன் திரும்ப வேண்டும். வயலில் டோர்ச்சோடு ஒரு காவல்காரர். விளையாடிப் பார்க்கத் தந்த பொடியன் மூன்றாம் தரம் பிடிபட்டதும் மவுஸை விட்டுவிட்டு, "அந்தாள் எங்கையிருந்து பாத்தது எண்டே தெரியேல்லை" என்றான். அவன் தோற்றதில் பிழை இல்லை. ஏன் தோற்றான் என்று அவனால் சொல்ல முடியாமல் போனதுதான் பிழை.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே: பிடிபட்ட அந்த நொடியில் கேமை நிறுத்தி "ஏன் பிடிபட்டாய்?" என்று கேட்டால், விளையாடுகிறவர் ஒரு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதில் கோடில் நடந்ததோடு பொருந்த வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான். கோட் துண்டுகள் கோடோ 4 என்ஜினுக்கானவை. வேறு என்ஜினிலும் கணக்கு இதேதான்.

முதலில் அளவுகளை எழுதிவையுங்கள்

பிக்சலில் யோசித்தால் தலை சுற்றும். 32 பிக்சல் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். பன்றி பதுங்கி நடந்தால் விநாடிக்கு 1 மீட்டர், சாதாரண நடை 2 மீட்டர், ஓட்டம் 4 மீட்டர். காவல்காரரின் டோர்ச் வெளிச்சம் 12 மீட்டர் நீளம், 50 பாகை அகலம். இவற்றைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டுங்கள். பிறகு எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான் வரும்.

பார்வையும் வெளிச்சமும் ஒன்றாக இருக்கட்டும்

இரவு வயல் என்பதால் எனக்கு இங்கே ஒரு வசதி. டோர்ச் படும் இடம்தான் காவல்காரருக்குத் தெரியும் இடம். தனியாக ஒரு பார்வைக் கூம்பை வரைந்து காட்டத் தேவையில்லை, வெளிச்சமே கூம்பு. பகல் காட்சி என்றால் தரையில் மங்கலான நிறத்தில் கூம்பைக் காட்ட வேண்டிவரும். அது கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், ஆனாலும் காட்டுங்கள்.

வரைந்த வெளிச்சத்தை விடக் கோடில் உள்ள பார்வை சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். நான் 50 பாகைக்கு வரைந்து 46 பாகைக்குத்தான் சோதிக்கிறேன். நீளம் 12 மீட்டருக்கு வரைந்து 11.5க்குச் சோதிக்கிறேன். வெளிச்சத்தின் ஓரம் பன்றியின் வாலில் பட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் "அப்பாடா, தப்பினேன்" என்று சந்தோஷப்படுவார்கள். வெளிச்சம் படாமலே பிடிபட்டால் கேமை மூடிவிட்டுப் போவார்கள். தவறுவதென்றால் எப்போதும் விளையாடுகிறவர் பக்கமாகத் தவறுங்கள்.

அடுத்தது, பன்றியின் எந்தப் புள்ளியைப் பார்ப்பது? பலர் நடுப்புள்ளி ஒன்றை மட்டும் சோதிப்பார்கள். அப்படிச் செய்தால் பாதி உடம்பு வெட்டவெளியில் இருந்தும் தெரியாது. அடுத்த அடியில் நடுப்புள்ளி மரத்தைத் தாண்டும், திடீரென்று முழுதாகத் தெரிந்துவிடும். நான் மூக்கு, முதுகு, வால் என்று மூன்று புள்ளி வைத்து, அதில் குறைந்தது இரண்டு தெரிந்தால்தான் கணக்கில் எடுக்கிறேன்.

```gdscript
func sees_player() -> bool:
    var hits := 0
    for p in player.body_points():
        if in_light(p) and clear_line(p):
            hits += 1
    return hits >= 2
```

`in_light` என்பது தூரமும் கோணமும். `clear_line` காவல்காரரின் கண்ணிலிருந்து அந்தப் புள்ளிக்கு `intersect_ray` மூலம் ஒரு கோடு விட்டு, இடையில் ஏதாவது மறிக்கிறதா என்று பார்க்கும். அந்தக் கோட்டின் `collision_mask` மரம், பரண், உயர்ந்த வரம்பு போன்ற தடைகளை மட்டும் கொண்டிருக்க வேண்டும். பன்றியின் உடம்பும் அதற்குள் வந்துவிட்டால், கோடு பன்றியிலேயே முட்டி "மறிக்குது" என்று பதில் வரும். முன்னாலே நின்றாலும் காவல்காரர் குருடர்தான். புதிதாகச் செய்கிறவர்கள் அரை நாள் தொலைக்கும் இடம் இது.

பார்த்ததும் பிடிக்கக் கூடாது

கண்ணில் பட்டதுக்கும் பிடிபட்டதுக்கும் இடையில் ஒரு நேரம் வேண்டும். தன் பிழையை உணர்ந்து பின்வாங்கும் நேரம் அது. அதற்குத்தான் சந்தேக மீட்டர். 0இலிருந்து 100 வரை. 40ஐத் தொட்டால் காவல்காரர் நின்று பார்ப்பார், 100ஐத் தொட்டால் துரத்துவார்.

மீட்டர் ஏறும் வேகம் தூரத்தைப் பொறுத்தது. 3 மீட்டருக்குள் என்றால் அரை விநாடியில் நிறையும். 12 மீட்டரில் 4 விநாடி எடுக்கும். இடையில் நேர்கோடாகக் கூடும். 9 மீட்டரில் ஏறத்தாழ 2.8 விநாடி.

```gdscript
func time_to_notice(d: float) -> float:
    return clampf(remap(d, 3.0, 12.0, 0.5, 4.0), 0.5, 4.0)

func _physics_process(delta: float) -> void:
    if sees_player():
        var rate := 100.0 / time_to_notice(dist_m())
        suspicion += rate * player.visibility * delta
        last_seen = player.global_position
        unseen = 0.0
    else:
        unseen += delta
        if unseen > 1.0:
            suspicion -= 15.0 * delta
    suspicion = clampf(suspicion, 0.0, 100.0)
```

மறைந்ததும் மீட்டர் உடனே இறங்கத் தொடங்குவதில்லை, ஒரு விநாடி நிற்கிறது. அந்த ஒரு விநாடி இல்லாவிட்டால் மரத்துக்கு மரம் தாவித் தாவியே காவல்காரரை ஏமாற்றிவிடலாம்.

இதையே `_process`இல் எழுதி `delta`வால் பெருக்க மறந்தால் வேகமான கணினியில் ஒரு மாதிரியும் பழைய லேப்டாப்பில் இன்னொரு மாதிரியும் மீட்டர் ஏறலாம். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மேலே `player.visibility` என்று ஒன்று இருக்கிறதல்லவா, அந்த எண்ணில்தான் நான் வழுக்கினேன்.

ஓடினால் தப்பலாம் என்ற ஓட்டை

இரண்டு வயலுக்கு நடுவே 3 மீட்டர் அகலத்தில் வண்டிப் பாதை. காவல்காரர் 9 மீட்டர் தள்ளி நின்று அந்தப் பாதைக்கே டோர்ச் அடித்துக்கொண்டிருக்கிறார். பன்றி குறுக்கே கடக்க வேண்டும். 9 மீட்டரில் மீட்டர் விநாடிக்கு ஏறத்தாழ 35 புள்ளி ஏறும்.

முதல் தரம் நான் வைத்தது: பதுங்கினால் 0.5, நடந்தால் 1, ஓடினாலும் 1. பார்க்க நியாயமாகத்தான் இருந்தது, பதுங்குகிறவன் பாதிதானே தெரிவான். கணக்கைப் போடுங்கள். நடந்து கடக்க ஒன்றரை விநாடி, ஆகவே 53 புள்ளி. பதுங்கிக் கடக்க 3 விநாடி, பாதி வேகத்தில் ஏறினாலும் அதே 53 புள்ளி. ஓடிக் கடக்க முக்கால் விநாடி, வெறும் 26 புள்ளி.

அதாவது பதுங்கல் கேமில் பதுங்குவதால் ஒரு சதத்துக்கும் லாபமில்லை. காவல்காரரின் முகத்துக்கு நேரே ஓடுவதுதான் மிகப் பாதுகாப்பான வழி. நான் இதைக் கோடில் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பொடியன் இரண்டாம் நாள் பாதையைக் கண்டதும் ஓடத் தொடங்கினான், ஓடிக்கொண்டே இருந்தான், ஒரு தரமும் பிடிபடவில்லை. எனக்குப் பிறகுதான் விளங்கியது.

காரணம் இதுதான். வேகம் குறைந்தால் வெளிச்சத்தில் நிற்கும் நேரம் கூடுகிறது. வேகத்தைப் பாதியாக்கி, தெரியும் அளவையும் பாதியாக்கினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பதுங்கலுக்கு மதிப்பு வர வேண்டுமென்றால் தெரியும் அளவு வேகத்தை விட அதிகமாகக் குறைய வேண்டும். ஓட்டத்துக்கு அபாயம் வர வேண்டுமென்றால் வேகத்தை விட அதிகமாகக் கூட வேண்டும். இப்போது என் எண்கள் பதுங்கல் 0.3, நடை 1, ஓட்டம் 2.5. அதே பாதையில் பதுங்கினால் 32 புள்ளி, காவல்காரர் கவனிக்கவே மாட்டார். நடந்தால் 53, நின்று பார்ப்பார். ஓடினால் 66, காவல்காரர் இன்னும் கிட்ட நின்றால் சத்தமும் கேட்கும்.

உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வேகத்துக்கும் "ஒரு குறிப்பிட்ட இடைவெளியைக் கடக்க மொத்தம் எத்தனை புள்ளி" என்று கணக்குப் போடாமல் விடாதீர்கள். விநாடிக்கு எத்தனை என்பது ஏமாற்றும் எண்.

காவல்காரர் திரும்பும் வேகம்

முதல் பதிப்பில் வரம்பின் முனைக்கு வந்ததும் காவல்காரர் ஒரே பிரேமில் 180 பாகை திரும்பினார். பின்னால் வந்த பன்றிக்கு வெளிச்சம் முகத்தில் அடித்தது போலத்தான். இப்போது முனையில் ஒரு விநாடி நிற்கிறார், செருமுகிறார், டோர்ச்சைக் கீழே இறக்குகிறார், பிறகு விநாடிக்கு 90 பாகை வேகத்தில் திரும்புகிறார். செருமல் கேட்டதும் வரம்புக்குப் பின்னால் போய்விட வேண்டும் என்பதை இரண்டு சுற்றிலேயே எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள்.

90 பாகை வேகத்தையும் சோதித்துப் பார்த்தேதான் வைத்தேன். அந்த வேகத்தில் வெளிச்சம் ஓரிடத்தைக் கடந்து போக அரை விநாடி. 6 மீட்டரில் நடந்துகொண்டிருக்கும் பன்றிக்கு அந்த அரை விநாடியில் 31 புள்ளிதான் ஏறும், 40ஐத் தொடாது. ஆகவே சும்மா ஒரு வீச்சு பட்டதற்காகத் தூரத்திலிருக்கும் யாரும் மாட்டுவதில்லை. 3 மீட்டரில் இருந்தால் மாட்டுவார்கள், அவ்வளவு கிட்டப் போனதற்கு அது சரிதான்.

வாயைத் திறக்கச் செய்யுங்கள்

அப்பாவின் காவலுக்கும் கேம் காவலுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். கேமில் காவல்காரர் மனதில் நினைப்பதையெல்லாம் உரக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நிலை மாறும்போதும் ஒரு குரல், ஒரு உடல் அசைவு. 40ஐத் தொட்டதும் நின்று, "என்னடா சரசரக்குது?" தேடப் போகும்போது, "அங்கை ஏதோ நிக்குது." 100இல், "பண்டி! பண்டி!" தேடிக் களைத்ததும், "ஒண்டுமில்லை, காத்துத்தான்."

கடைசி வசனத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் காவல்காரர் தேடலை நிறுத்திவிட்டாரா, இன்னும் தேடுகிறாரா என்று தெரியாமல் பன்றி ஒரே இடத்தில் நிமிடக்கணக்கில் குந்தியிருக்கும்.

குரல் முதலில் வர வேண்டும், செயல் பிறகு. "என்னடா" என்று தொடங்கி 0.4 விநாடி கழித்துத்தான் டோர்ச் திரும்பத் தொடங்குகிறது. இரண்டும் ஒன்றாக நடந்தால் குரல் வெறும் அலங்காரம். அப்பா இதைப் பார்த்துவிட்டு, "இப்பிடிக் கத்திக்கொண்டு காவல் காத்தால் ஒரு மூட்டை நெல்லும் மிஞ்சாது" என்றார். அவர் சொன்னது சரி.

குரல் காதுக்கு. மீட்டரைக் கண்ணுக்கும் காட்ட வேண்டும். 1998இல் வந்த தீஃப் கேமில் திரையின் கீழே ஒரு ரத்தினக் கல் இருக்கும், நீங்கள் நிற்கும் இடம் எவ்வளவு வெளிச்சமோ அதற்கேற்ப அது ஒளிரும். நான் பன்றியின் கண்ணை மின்ன விட்டேன். மீட்டர் ஏற ஏறக் கண் பளிச்சிடும். டோர்ச் அடித்தால் மாட்டின் கண் மின்னும், நரியின் கண் மின்னும், பன்றியின் கண் உண்மையில் அப்படி மின்னாது. தெரிந்தேதான் பொய் சொன்னேன். விளையாடுகிறவரின் பார்வை எப்போதும் பன்றியின் மேல்தான் இருக்கிறது, அறிகுறியும் அங்கேயே இருக்கட்டும்.

இன்னொன்று. 40இல் சந்தேக நிலைக்குப் போகிறவர் 40க்குக் கீழே வந்ததும் பழைய நிலைக்குத் திரும்பினால், மீட்டர் 39க்கும் 41க்கும் நடுவே ஆடும்போது காவல்காரர் "என்னடா, என்னடா, என்னடா" என்று திக்குவாய் ஆகிவிடுவார். போவது 40இல், திரும்புவது 20இல் என்று இடைவெளி வையுங்கள்.

தெரிந்ததை வைத்துத்தான் தேட வேண்டும்

மேலே கோடில் `last_seen` என்று ஒன்றைச் சேமித்தோம். தேடல் நிலையில் காவல்காரர் போக வேண்டியது அந்த இடத்துக்கு. தேடும் கோடில் எங்காவது `player.global_position` இருந்தால் அவர் களவு செய்கிறார். பன்றி புதருக்குள் சுற்றி வந்து வேறு பக்கம் போயிருந்தாலும் நேராக அங்கே வருவார். கோடைத் தேடிப் பாருங்கள், அந்தச் சொல் `sees_player` உண்மை என்று வரும் இடத்தில் மட்டும்தான் இருக்க வேண்டும்.

2010இல் வந்த ஸ்பிளின்டர் செல் கன்விக்‌ஷனில், உங்களைக் கடைசியாகக் கண்ட இடத்தில் உங்கள் நிழலுருவம் ஒன்று நிற்கும். எதிரிகள் எந்த இடத்தைச் சுற்றி வளைக்கப் போகிறார்கள் என்பது அதிலேயே தெரியும். நான் அந்த இடத்தில் மிதிபட்ட பயிரைக் காட்டுகிறேன். பன்றி அதைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் நழுவலாம்.

சத்தத்துக்கும் இதே விதிதான். ஓடும்போது 6 மீட்டர் வட்டம் ஒன்று விரியும், அதற்குள் காவல்காரர் இருந்தால் சத்தம் வந்த புள்ளி `last_seen` ஆகும். மார்க் ஆஃப் த நிஞ்ஜா 2012இலேயே சத்தத்தை வட்டமாக வரைந்து காட்டியது. அதை விடத் தெளிவான வழியை நான் காணவில்லை, அப்படியே எடுத்துக்கொண்டேன். சத்தம் கேட்டதற்காக மட்டும் மீட்டர் 60க்கு மேல் போகக் கூடாது என்று ஓர் எல்லையும் வைத்தேன். கேட்டதை வைத்துத் தேடலாம், பிடிக்கக் கண்ணால் பார்க்க வேண்டும்.

திரைக்கு வெளியே நிற்கும் காவல்காரர்

இவ்வளவும் செய்த பிறகும் சிலர் "தெரியேல்லை" என்றுதான் சொன்னார்கள். பிழை காவல்காரரில் இருக்கவில்லை, கேமராவில் இருந்தது. என் திரை 640க்கு 360 பிக்சல். மீட்டரில் சொன்னால் 20க்கு 11 சொச்சம். பன்றி நடுவில் நிற்பதால் மேலேயும் கீழேயும் 5.6 மீட்டர்தான் தெரியும். டோர்ச் 12 மீட்டர் பாய்கிறது. வடக்கே 9 மீட்டரில் நிற்கும் காவல்காரர் பன்றியைப் பார்க்கிறார், பன்றிக்கு அவரைத் தெரியாது. வெளிச்சம் மட்டும் எங்கேயோ இருந்து வந்து விழுகிறது.

டோர்ச்சைக் குறைத்தால் வயல் சின்னதாகிவிடும், கேமராவைத் தூக்கினால் பன்றி எறும்பாகிவிடும். கடைசியில் வைத்த விதி: காவல்காரர் திரைக்குள் இல்லாவிட்டால் மீட்டர் 39ஐத் தாண்டாது. ஏறலாம், கண் மின்னலாம், எச்சரிக்கை வரலாம், ஆனால் முகம் தெரியாத ஆளிடம் யாரும் பிடிபடுவதில்லை. இது யதார்த்தமா என்று கேட்டால் இல்லை. ஒருவரும் கவனித்ததும் இல்லை.

சோதிக்கும் விதம்

ஒவ்வொரு காவல்காரருக்கும் கடைசி 5 விநாடியின் பதிவை வைத்திருங்கள்: மீட்டர் எத்தனை, தூரம் எத்தனை, ஏறியது வெளிச்சத்தாலா சத்தத்தாலா, பன்றி என்ன வேகத்தில் இருந்தது. பிடிபட்டதும் கேமை நிறுத்தி, பதிவைக் காட்டாமல் "ஏன்?" என்று கேளுங்கள். பதிலை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகுதான் பதிவைத் திறந்து ஒப்பிடுங்கள்.

பக்கத்தில் இருந்து உதவி சொல்லக் கூடாது, இதுதான் கஷ்டம். கை துறுதுறுக்கும். நான் பின்னால் ஒரு கதிரையில் உட்கார்ந்து கொப்பியில் எழுதுவேன்.

"ஓடினன், கேட்டிட்டுது" என்று சொல்லி, பதிவிலும் மீட்டர் முதலில் ஏறியது சத்தத்தால் என்று இருந்தால் அந்த இடத்தைத் தொடாதீர்கள், எத்தனை தரம் தோற்றாலும் பரவாயில்லை. "வெளிச்சம் பட்டது" என்கிறார், ஆனால் முதலில் ஏறியது சத்தத்தால் என்று பதிவு சொல்கிறது என்றால் சத்த வட்டம் கண்ணில் படவில்லை, அதன் நிறத்தைப் பாருங்கள். "தெரியாது" என்றால் பெரும்பாலும் 40இலிருந்து 100 வரை ஏறிய நேரம் மிகக் குறைவு. பதிவில் அந்த இடைவெளி 0.7 விநாடிக்குக் கீழே இருந்தால் குரலைக் கேட்டு, விளங்கி, விரலை நகர்த்த நேரமில்லை. அப்போது நான் `time_to_notice` எண்களைத் தொடுவதில்லை. முதலில் அந்தக் காவல்காரர் நிற்கும் இடத்தைப் பார்க்கிறேன். பாதிக்கு மேற்பட்ட தரம், பன்றி வளைந்து வரும் ஒரு மூலைக்கு 3 மீட்டருக்குள் அவரை நானே நிறுத்திவைத்திருப்பேன். அவரை வரம்பில் நாலு மீட்டர் பின்னால் தள்ளி, அதே ஆளைக் கூப்பிடாமல் இதுவரை விளையாடாத ஒருவரைக் கூப்பிட்டு மறுபடி விளையாட விடுகிறேன். பழைய ஆளுக்கு அந்த மூலை ஏற்கெனவே மனப்பாடம்.